நாமக்கல்லுக்குப் போன மெயில்

2009 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து 43 பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினேன். டீலர்ஷிப் கேட்டு அல்ல, கொடுக்க. அதுவரை நான் டீலர் என்ற ஜாதியோடு பேசியதே இல்லை. லாரிக்கான ரப்பர் பாகங்கள் செய்கிறவன் நான். இரும்புக் குழாயையும் ரப்பரையும் ஒன்றாக ஒட்டி வேகவைத்த புஷ், என்ஜின் மவுண்டிங் மாதிரியான உருப்படிகள். செய்ததையெல்லாம் ஒரே கம்பெனிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. 1949-ல் அம்பத்தூருக்கு டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. 1960களில் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா என்று வரிசையாக வந்தன. அவற்றின் நிழலில்தான் எஸ்டேட்டின் சின்னச் சின்ன ஷெட்டுகள் முளைத்தன. பெரிய கம்பெனி டிராயிங் கொடுக்கும், டை கொடுக்கும், மாதா மாதம் ஷெட்யூல் கொடுக்கும். நாம் செய்து கொடுத்தால் போதும். யாரிடமும் போய் விற்க வேண்டாம். 1994-ல் நான் தனியாக ஷெட் போட்டபோது என்னிடம் இரண்டு பிரஸ்ஸும் ஒரு கஸ்டமரும் இருந்தார்கள். 2008-ல் ஆறு பிரஸ் ஆகிவிட்டது. கஸ்டமர் மட்டும் அதே ஒருவர்தான்.

2008 நவம்பரில் ஷெட்யூல் பாதியாகக் குறைந்தது. டிசம்பரில் வரவே இல்லை. லாரி விற்பனை உலகம் முழுக்கப் படுத்திருந்த நேரம் அது. ஓடிக்கொண்டிருக்கும் பழைய லாரிக்கு மட்டும் புஷ் தேய்ந்துகொண்டேதான் இருக்கும், அதை யாரோ விற்றுக்கொண்டேதான் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. பட்டரவாக்கம் கேட்டில் ரயிலுக்காக நின்றிருந்தேன். முன்னால் நின்ற டிப்பரின் பின் ஆக்சிலில் டார்க் ராடு புஷ் பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த முதல் மெயிலை இன்றும் அச்செடுத்து வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். எங்கள் கம்பெனி எந்த ஆண்டு தொடங்கப்பட்டது, எத்தனை பிரஸ் இருக்கிறது, எந்த ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் வாங்கியிருக்கிறோம், எவ்வளவு தரம், என்னென்ன சோதனை. கடைசியில், 'கவர்ச்சிகரமான' கமிஷன் தருவோம், உங்கள் பகுதிக்கு நீங்கள் மட்டுமே விநியோகஸ்தர், பரஸ்பர லாபம் தரும் உறவை எதிர்பார்க்கிறோம் என்று முடித்திருந்தேன். எவ்வளவு கமிஷன் என்று சொல்லவில்லை. முதலிலேயே சொன்னால் பேரம் பேச இடமிருக்காது என்று நினைத்தேன். கூடவே 64 உருப்படிகள் கொண்ட கேட்டலாக்கை ஸ்கேன் செய்து இணைத்தேன்.

முகவரிகளைச் சேர்த்ததே ஒரு மாத வேலை. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கடை கடையாக ஏறி இறங்கி, வெளியூருக்குக் கட்டி வைத்த அட்டைப் பெட்டிகளின் மேல் எழுதியிருந்த பெயர்களைக் குறித்துக்கொண்டேன். அந்தப் பெயர்களை வைத்துத் தொழில் டைரக்டரியில் மெயில் முகவரி தேடினேன். கிடைத்த 43-ல் 11 மெயில் போய்ச் சேராமல் திரும்பி வந்தது. மீதி 32 பேரில் பதில் போட்டவர் ஒருவர்கூட இல்லை. போன் மட்டும் ஒன்று வந்தது.

சேலத்தில் நாற்பது வருஷமாகக் கடை வைத்திருந்த பெரியவர். எடுத்த எடுப்பில், "தம்பி, ஒரே மனையை ரெண்டு பேருக்குக் கிரயம் பண்றீங்களா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். 43 முகவரிகளையும் பெறுநர் கட்டத்திலேயே வரிசையாகப் போட்டிருந்தேன். மறைத்து அனுப்ப இன்னொரு கட்டம் இருப்பது எனக்குத் தெரியாது. அதனால் மெயில் பார்த்த ஒவ்வொருவருக்கும் மற்ற 42 பேர் யாரென்று தெரிந்துவிட்டது. சேலத்தில் மட்டும் மூன்று பேர். அவர் கடையும் எதிர்க்கடையும் அதில் அடக்கம். "உங்கள் பகுதிக்கு நீங்கள் மட்டுமே" என்று மூன்று பேருக்கும் எழுதியிருந்தேன். பெரியவர் கோபப்படவில்லை, சிரித்தார். "சரக்கு நல்லாத்தான் இருக்கும். நாமக்கல் பக்கம் போய் ஒரு வாரம் உட்கார்ந்து பாருங்க. அப்புறம் எழுதுங்க" என்றார்.

போனேன். உடனே அல்ல. நடுவில் ஷெட்யூல் திரும்ப வந்துவிட்டது. வந்ததும் பழையபடி எல்லாம் மறந்துவிட்டது. 2011-ல் விலையைக் குறைக்கச் சொல்லி கஸ்டமர் நெருக்கியபோதுதான் மறுபடி ஞாபகம் வந்தது.

நாமக்கல்லைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே முட்டையும் லாரியும்தான் ஊர். பாடி கட்டும் பட்டறைகள், டேங்கர்கள், டிரெய்லர்கள், பக்கத்தில் திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகள், சங்ககிரியில் இன்னொரு கடல் லாரி. ஒரு டிப்பரின் பின் இரண்டு ஆக்சிலிலும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு டார்க் ராடு புஷ் இருக்கும். கல் குவாரி ரோட்டில் ஓடும் வண்டிக்கு அவை வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாறும். இதையெல்லாம் நான் புத்தகத்தில் படிக்கவில்லை. பரமத்தி ரோட்டில் ஒரு பட்டறையின் வாசலில் கவிழ்த்துப் போட்ட டிரம் மேல் மூன்று நாள் உட்கார்ந்து, பழைய புஷ்ஷைத் தூக்கிப் போட்ட குப்பையைக் கிளறிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். என் கேட்டலாக்கின் 64 உருப்படிகளில் அந்தக் குப்பையில் அதிகம் கிடந்தவை நான்கே நான்கு.

நான்காம் நாள் ஒரு மொத்த வியாபாரியிடம் போய் நின்றேன். என் மெயிலை அவர் பார்த்திருக்கவே இல்லை. கடையின் மெயிலைப் பார்ப்பது கணக்கு எழுதும் பையன். அவன் பில்லும் பேங்க் செய்தியும் தவிர எதையும் முதலாளியிடம் காட்டுவதில்லை. நான் பையிலிருந்து சான்றிதழை எடுத்தேன். அவர் அதைத் தொடவில்லை. சிட்டையைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் கணக்கு எழுத ஆரம்பித்தார். அந்தக் கணக்கை நான் இன்றுவரை மறக்கவில்லை.

வரியை விட்டுவிடுவோம். ஒரு புஷ்ஷின் லிஸ்ட் விலை 500 ரூபாய். கடைக்காரருக்கு இவர் 375-க்குக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் சொன்னால் வேறு பிராண்டு வாங்கிக்கொள்வார். நான் இவருக்கு 330-க்குக் கொடுப்பதாகச் சொன்னேன். நடுவில் 45 ரூபாய். இது போதுமென்று நான் நினைத்தேன். அவர் எழுதினார்: சரக்கு என் குடோனில் 45 நாள் தூங்கும். கடைக்காரர் பணம் கொடுக்க 60 நாள். மொத்தம் 105 நாள். நீங்கள் எனக்கு 30 நாள் கடன் கொடுத்தால் மீதி 75 நாள் என் பணம் 330 ரூபாய் முடங்கிக் கிடக்கும். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றால் எட்டு ரூபாய் போச்சு. கடை கடையாகப் போகும் என் ஆளுக்கும் வண்டிக்கும் பத்து ரூபாய். உடைந்தது, தொலைந்தது, பாக்கி வராதது ஏழு ரூபாய். நிற்பது 20. அந்த 20 ரூபாய் வருஷத்தில் ஐந்து தடவை சுற்றினால் 330-க்கு 100 வரும், நான் செய்வேன். மூன்று தடவைதான் சுற்றுமென்றால் வேண்டாம்.

"கமிஷன் எத்தனை சதவீதங்கறது எனக்கு ரெண்டாவது விஷயமுங்க" என்றார். "எத்தனை தடவை சுத்தும்னு சொல்லுங்க."

64 உருப்படியையும் வாங்கி அடுக்கச் சொன்னால் அதில் ஐம்பது தூங்கும். அவருடைய சுற்று இரண்டாகிவிடும். என் கேட்டலாக்கைப் பார்த்தவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்று அப்போது புரிந்தது. நான் வசதி என்று நினைத்து வைத்தது அவர்களுக்குக் கல்லாக இருந்தது.

அடுத்து அவர் கேட்டது கிளைம். இது எங்கள் தொழிலின் நாற்றமெடுக்கும் மூலை. புஷ் மூன்று மாதத்தில் போய்விட்டது என்று லாரிக்காரர் கடைக்காரரிடம் வருவார். கடைக்காரர் ஸ்டாக்கிஸ்டிடம் தள்ளுவார். ஸ்டாக்கிஸ்ட் கம்பெனிக்கு அனுப்புவார். கம்பெனி, "ஓவர்லோடு, ஏற்க முடியாது" என்று இரண்டு மாதம் கழித்து ஒரு வரி எழுதும். அதற்குள் கடைக்காரர் பாக்கியில் பிடித்துக்கொண்டிருப்பார். கடைசியில் நஷ்டம் நடுவில் இருப்பவருக்கு. அவருடைய குடோன் மூலையில் ஒரு கோணி நிறையப் பல பிராண்டுகளின் செத்த புஷ் கிடந்தது. "இதெல்லாம் என் காசுங்க" என்றார்.

இங்கே எனக்குத் தெரிந்த வித்தை ஒன்று உதவியது. அந்தக் கோணியிலிருந்து ஒன்றை எடுத்து, பட்டறையில் ஹேக்சா வாங்கி நெடுக்காக அறுத்தேன். புஷ் இரண்டு விதமாகச் சாகும். ரப்பர் உலோகத்தை விட்டு அப்படியே உரிந்து, இரும்பு பளிச்சென்று வெறுமையாகத் தெரிந்தால், அது ஒட்டு பிடிக்காதது, செய்தவன் குற்றம். இரும்பில் ரப்பர் ஒட்டியே இருந்து, ரப்பரின் நடுவில் கிழிந்திருந்தால், ஒட்டு பிடித்துத்தான் இருக்கிறது. லோடு அல்லது நாள்பட்ட தேய்மானம். இதற்கு லேப் வேண்டாம், கண் போதும். அந்தக் கோணியிலிருந்து பதினைந்து புஷ் அறுத்தோம். நான்கில் இரும்பு பளபளத்தது. "அப்ப இந்த நாலுக்கும் எனக்குப் பணம் வந்திருக்கணும்" என்றார், மெதுவாக.

சென்னைக்கு வந்து புது மெயில் எழுதினேன். இந்தத் தடவை 12 பேருக்கு, தனித்தனியாக, ஒவ்வொருவருக்கும் அவரவர் ஊருக்கு ஓடும் உருப்படியோடு. நாமக்கல் மெயிலைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"பொருள்: டார்க் ராடு புஷ், 4 அயிட்டம் – நாமக்கல், திருச்செங்கோடு தாலுகாக்களுக்கு ஸ்டாக்கிஸ்ட்.

ஐயா, அம்பத்தூரில் 1994 முதல் லாரி ரப்பர் பாகங்கள் செய்கிறோம். உங்கள் பக்கத்து டிப்பர், டிரெய்லர்களில் அதிகம் மாறும் 4 புஷ் மட்டும் உங்கள் மூலம் விற்க விரும்புகிறோம்.

லிஸ்ட் 500 என்றால் கடைக்கு 375, உங்களுக்கு 330. வரி தனி. நாமக்கல் வரை லாரி வாடகை எங்களுடையது.

முதல் ஆர்டர் அயிட்டத்துக்கு 50 வீதம் 200 புஷ். பணம் 30 நாளில்.

90 நாளில் விற்காததை, பெட்டி பிரிக்காமல் இருந்தால், வாங்கிய விலைக்கே எடுத்துக்கொள்கிறோம். திரும்பும் வாடகையும் எங்களுடையது.

கிளைம்: வண்டியில் போட்ட 6 மாதத்துக்குள் போனால் அறுத்துப் பாருங்கள். இரும்பு வெறுமையாகத் தெரிந்தால் எங்களைக் கேட்காமலே உங்கள் ஸ்டாக்கிலிருந்து புதியதைக் கொடுத்துவிடுங்கள். மாதக் கடைசியில் அத்தனைக்கும் சரக்கு அனுப்புவோம். ரப்பர் நடுவில் கிழிந்திருந்தால் கிளைம் இல்லை. அறுத்த துண்டுகளை எறிய வேண்டாம், எங்களுக்கு வேண்டும்.

இந்த இரண்டு தாலுகாவிலும் 6 மாதத்துக்கு வேறு யாருக்கும் பில் போட மாட்டோம். அதற்குள் 1,200 புஷ் போனால் அடுத்த ஓராண்டும் அப்படியே.

வியாழக்கிழமை மாலை 3 மணிக்கு மேல் போன் செய்கிறேன்."

சான்றிதழ், கம்பெனி வரலாறு எதுவும் இல்லை. இணைப்பாக ஒரே ஒரு படம்: நான்கு புஷ்ஷையும் அளவோடு காட்டும் படம். வியாழக்கிழமை மூன்று மணி என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. காலையில் கடையில் பட்டறைப் பையன்கள் மொய்ப்பார்கள். சாப்பிட்டு வந்து உட்காரும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் முதலாளி கையில் போன் சும்மா இருக்கும். போன் வரும் என்று மெயிலில் இருந்தால், கணக்குப் பையனும் அதை முதலாளியிடம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

12 பேரில் ஐந்து பேர் பேசினார்கள், மூன்று பேர் ஆர்டர் போட்டார்கள். நாமக்கல்காரர் முதலாமவர். "திருப்பி எடுத்துக்கறேன்னு எழுதியிருக்கீங்க. எழுத்துல இருக்கறதால வாங்கறேனுங்க" என்றார்.

90 நாள் கழித்து மூன்று அயிட்டம் காலி. நான்காவதில் 50-க்கு ஆறுதான் போயிருந்தது. மீதி 44-ஐ அவர் திருப்பி அனுப்பினார். கிட்டத்தட்ட 14,500 ரூபாய் சரக்கு, இரண்டு பக்க லாரி வாடகையோடு. என் மனைவிதான் கணக்கு பார்த்தவள். ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்த 44-ஐ விஜயவாடா ஆட்டோநகருக்கு அனுப்பினேன்; அங்கே ஓடும் ஒரு மாடலுக்கு அதுதான் சரியான அளவு, ஒரு மாதத்தில் தீர்ந்தது. இடத்தை மாற்றி வைத்தால் ஓடும் சரக்கை ஸ்டாக்கிஸ்டின் தலையில் கட்டி வைத்துவிட்டுக் காத்திருப்பது எவ்வளவு முட்டாள்தனம் என்று எனக்கு அதில் தெரிந்தது. நாமக்கல்காரரோ 44 புஷ் கேள்வி கேட்காமல் திரும்பியதைப் பார்த்துவிட்டு, அடுத்த ஆர்டரை 600-ஆகப் போட்டார்.

அறுத்த துண்டுகளைக் கேட்டிருந்தேனே, அதுதான் எனக்கு எதிர்பாராத லாபம். முதல் வருஷம் 31 துண்டுகள் வந்தன. ஒன்பதில் இரும்பு வெறுமை. ஒன்பதின் உலோகத்திலும் குத்தியிருந்த பேட்ச் எண் ஒரே வாரத்துடையது, நவம்பர். பதிவேட்டைப் பார்த்தால், அந்த வாரம் மழை. இரும்புக் குழாய்களை மணல் அடித்துச் சுத்தம் செய்து, அன்றைக்கே பசை பூசாமல் ராத்திரி முழுக்கத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஈரக்காற்றில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய துரு ஏறியிருக்கிறது. அதன்மேல் பூசிய பசை துருவைப் பிடித்ததே தவிர இரும்பைப் பிடிக்கவில்லை. பெரிய கம்பெனிக்குச் சப்ளை செய்தபோது இப்படித் துல்லியமாக ஒரு குற்றமும் எனக்குத் திரும்பி வந்ததில்லை. அங்கே பணத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு தாள் அனுப்புவார்கள், அவ்வளவுதான். மணல் அடித்த குழாய் நான்கு மணி நேரத்துக்குள் பசைக்குப் போயாக வேண்டும் என்று அன்று போட்ட விதி இன்றும் ஷெட் சுவரில் இருக்கிறது.

மெயிலில் எழுதிவிட்டுக் காப்பாற்ற முடியாமல் போனதும் உண்டு. ஆர்டர் வந்த ஏழு நாளில் சரக்கு கிளம்பும் என்று சில மெயில்களில் சேர்த்திருந்தேன். 2012-ல் மின்வெட்டு வந்தது. அப்போது திருமழிசை சிட்கோவுக்கு மாறியிருந்தோம். சென்னை எல்லைக்குள் இரண்டு மணி நேரம் வெட்டு என்றால் எங்களுக்கு எத்தனை என்று யாருக்கும் தெரியாது. பிரஸ்ஸில் புஷ் வேக 150 டிகிரி சூட்டில் கால் மணி நேரம் ஆகும். பாதி வெந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்த ஈடு முழுவதும் குப்பை; வெந்த பாதியை மறுபடி வேகவைக்க முடியாது. ஹீட்டர்களைத் தாங்க ஜெனரேட்டர் வைத்தால் ஒரு புஷ்ஷின் லாபம் டீசலுக்குப் போய்விடும். சாக்குச் சொல்லி நீட்டுவதற்குப் பதில், எல்லா ஸ்டாக்கிஸ்டுகளுக்கும் ஒரு மெயில் போட்டேன்: இனி ஏழு நாள் இல்லை, 20 நாள், அதனால் ஒரு மாதச் சரக்கை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கூடுதல் சரக்குக்கு மட்டும் 60 நாள் கடன். ஒருவர் விலகினார். மற்றவர்கள் இருந்தார்கள்.

ஏரியா விஷயத்தில்தான் அதிகம் அடிபட்டேன். ஆந்திரப் பக்கம் ஒரு ஊரில், எண்ணிக்கை எதுவும் போடாமல் இரண்டு வருஷத்துக்கு ஏகபோகமாக எழுதிக் கொடுத்தேன். அவர் வருஷத்துக்கு 100 புஷ் வாங்கினார். பிறகுதான் தெரிந்தது, அவரே இன்னொரு பிராண்டின் பெரிய ஸ்டாக்கிஸ்ட். என்னை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தார். அதற்குப் பிறகு மெயிலில் ஆறு மாதம், எண்ணிக்கை, இரண்டும் இல்லாமல் ஏரியா என்ற சொல்லே வராது.

இன்னொன்று கசிவு. நாமக்கல்காரர் ஒருநாள் போனில் கொதித்தார். அவருடைய கடைகளிலேயே என் புஷ் 360-க்குக் கிடைக்கிறது, அவர் கொடுப்பதோ 375. "ஏனுங்க, எனக்குத் தெரியாம யாருக்குக் கொடுத்தீங்க?" நான் யாருக்கும் கொடுக்கவில்லை. ஆனால் அட்டைப் பெட்டியின் அடியில் ஊருக்கு ஓர் எழுத்து என்று மசியில் ரகசியமாகக் குத்தி அனுப்பும் பழக்கத்தை ஆரம்பித்திருந்தோம். கடையில் பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்கச் சொன்னேன். சென்னை எழுத்து. சென்னை மொத்த வியாபாரிக்கு நான் வருஷ விற்பனை இலக்கைத் தொட்டால் கூடுதலாக ஐந்து சதவீதம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த இலக்கைத் தொட அவர் லாபத்தைக் கழித்துக்கொண்டு பார்சலில் நாமக்கல்லுக்கு அனுப்பியிருக்கிறார். தப்பு அவருடையது என்று சொல்வது எளிது. இலக்கை அவ்வளவு உயரத்தில் வைத்து, அவரை அடுத்தவர் வயலில் மேயவிட்டது நான். அந்த ஐந்து சதவீதத்தை எடுத்துவிட்டு, 30 நாளில் பணம் கட்டினால் இரண்டு சதவீதம் என்று மாற்றினேன். விற்பனை கொஞ்சம் இறங்கியது, கசிவு நின்றது.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது வெளிமாநில வியாபாரம் லேசானது. அதற்கு முன் விஜயவாடாவுக்கு விற்றால் இரண்டு சதவீத வரிக்கு அவர்களிடமிருந்து 'சி' பாரம் வாங்க வேண்டும். பாரம் வராவிட்டால் மூன்று வருஷம் கழித்து வித்தியாச வரி என் தலையில் விடியும். அது ஒழிந்தது. ஆனால் டீலர்ஷிப் மெயிலுக்கு வரும் முதல் கேள்வி மாறிவிட்டது. "கமிஷன் எவ்வளவு" என்பதற்கு முன்பே, "ரிட்டர்ன் மாசா மாசமா, மூணு மாசத்துக்கு ஒரு தடவையா?" என்று கேட்கிறார்கள். ஐந்து கோடிக்குள் விற்றுமுதல் உள்ள எங்களைப் போன்றவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போட 2021-லிருந்து வசதி உண்டு. எனக்கு வேலை மிச்சம். ஆனால் நான் பில்லை இணையத்தில் ஏற்றும் வரை வாங்கியவருக்கு வரிக் கிரெடிட் காட்டாது. அவருடைய பணம் அரசாங்கத்திடம் தூங்கும். பழைய நாமக்கல் சிட்டைக் கணக்குதான் இது, பெயர்தான் வேறு. அதனால் இப்போது என் மெயிலில் ஒரு வரி சேர்ந்திருக்கிறது: மாதா மாதம் 11-ஆம் தேதிக்குள் எல்லா பில்லும் ஏற்றப்படும்.

2024 மார்ச்சில் இன்னொரு கூத்து. எங்களைப் போன்ற சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுக்காதவர், அந்தத் தொகையை அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டத்தில் வந்துவிட்டது. எங்களைக் காப்பாற்ற வந்த சட்டம்தான். ஆனால் 90 நாள் கடனில் பழகிய இரண்டு பேர் உடனே போன் செய்து, "உங்க உத்யம் பதிவை எடுத்துடுங்களேன்" என்றார்கள். ஒருவர் மார்ச் 28-ஆம் தேதி சரக்கை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். நாமக்கல்லில் சிக்கல் இல்லை, அங்கே முதல் நாளிலிருந்து 30 நாள்தான். இருந்தாலும் ஆடிட்டர் மெயிலை மட்டும் நம்ப வேண்டாம், கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று வாங்கி வையுங்கள் என்றார். 13 வருஷம் ஒரு மெயிலில் ஓடிய வியாபாரத்துக்கு அப்போதுதான் முதன்முறையாக ஒப்பந்தம் என்று ஒரு தாள் எழுதினோம். பழைய மெயிலைத்தான் அதில் திரும்ப டைப் செய்தோம்.

இப்போது கடையைப் பார்ப்பது நாமக்கல்காரரின் மகன். மெயிலை அவனே பார்க்கிறான், மூன்று மணிக்குப் போன் செய்ய வேண்டியதில்லை. 2025 செப்டம்பர் 22-ல் லாரிப் பாகங்களுக்கான வரி 28-லிருந்து 18 ஆனபோது, நான் புதிய விலைப் பட்டியலை அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்தேன். அரை மணி நேரத்தில் அவனிடமிருந்து ஒரே வரியில் பதில்: "எங்க குடோன்ல பழைய எம்.ஆர்.பி. போட்ட 1,140 பெட்டி இருக்குங்க மாமா, ஸ்டிக்கர் யார் ஒட்டறது?" மெயிலில் நான் அதை எழுத மறந்திருந்தேன். அன்று ராத்திரி பூந்தமல்லியில் ஸ்டிக்கர் அடிக்கக் கொடுத்து, மறுநாள் பேக்கிங் பையன் ஒருவனை ரோலோடு நாமக்கல் பஸ் ஏற்றிவிட்டேன்.